கம்பியின் இரு முனைகளும் ஒரு மீட்டர் குச்சியும்

1820-ம் ஆண்டு ஜூலையில் கோபன்ஹேகனிலிருந்து ஒரு செய்தி வந்தது. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்று ஆர்ஸ்டெட் எழுதியிருந்தார். அதே அக்டோபர் 30-ம் தேதி, பாரிஸ் அறிவியல் கழகத்தில் பயட்டும் சாவர்ட்டும் தங்கள் அளவீட்டை வாசித்தார்கள். நீண்ட கம்பி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்தில் சிறு காந்த ஊசியை மெல்லிய பட்டு நூலில் தொங்கவிட்டார்கள். பூமியின் காந்த இழுப்பை இன்னொரு காந்தத்தால் சமன் செய்துவிட்டு, ஊசியை லேசாகத் தட்டி, எத்தனை வேகமாக ஆடுகிறது என்று எண்ணினார்கள். புலம் வலுத்தால் ஆட்டம் விரைவாகும். தூரம் இரண்டு மடங்கானால் கம்பியின் விளைவு பாதியாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நீளமான நேர்க்கம்பியோடு பயட் நிற்கவில்லை. கம்பியை நடுவில் மடக்கினார். மடிப்பின் முனை ஊசியைப் பார்க்க, இரண்டு கைகளும் ஊசியை விட்டு விலகிப் பின்னால் ஓடும்படி வைத்தார். கம்பி நேராக இருந்தால் ஒவ்வொரு கையும் ஊசிக்கும் மடிப்புக்கும் இடையிலான கோட்டோடு 90 பாகைக் கோணம் செய்யும். முழுக்க மடக்கிவிட்டால் கோணம் 0 பாகை. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்து விளைவும் 0 ஆகும். இடையில் என்ன நடக்கிறது? விளைவு அந்தக் கோணத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது என்று பயட் முதலில் சொன்னார். அது தவறு. பின்னால் திருத்தப்பட்ட விடை, பாதிக் கோணத்தின் டேன்ஜன்ட். இந்தத் தவறு எங்கே ஒளிந்திருந்தது என்று பார்க்க, முடிவுள்ள நேர்க்கம்பி ஒன்றின் புலம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நீண்ட மதிற்சுவருக்கு 10 மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவர்தான் கம்பி. அதன் ஒவ்வொரு சிறு துண்டும் நீங்கள் நிற்கும் இடத்தில் கொஞ்சம் காந்தப்புலத்தைத் தருகிறது. பயட், சாவர்ட் அளவீட்டிலிருந்து லாப்லாஸ் பிரித்தெடுத்த விதிப்படி, துண்டின் பங்கு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். துண்டு சாய்வாகத் தெரிந்தால் இன்னும் குறையும்.

இப்போது தலையை ஒவ்வொரு பாகையாகத் திருப்புங்கள். நேர் எதிரே, ஒரு பாகைக்குள் அடங்கும் சுவர் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். தலையை 60 பாகை திருப்பிவிட்டால், அங்கே சுவர் 20 மீட்டர் தூரத்தில் இருக்கும். ஒரு பாகைக்குள் அடங்குவது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். தூரம் இரண்டு மடங்கானதால் விளைவு நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். ஆனால் பார்வையில் விழும் சுவரும் நான்கு மடங்கு நீண்டுவிட்டது. ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடுகிறது! எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தூரத்தின் தொல்லை தானாகவே விலகி, சாய்வு மட்டும் மிஞ்சுகிறது. 60 பாகையில் அந்தச் சாய்வு ஒரு பாகையின் பங்கைப் பாதியாக்குகிறது.

இந்தப் பங்குகளைக் கூட்ட நுண்கணிதம் தேவையில்லை. கையில் ஒரு மீட்டர் குச்சி போதும். குச்சியின் ஒரு முனை உங்களிடம் இருக்கட்டும். அதைச் சுவரின் ஒரு கோடியை நோக்கி நீட்டி, அப்படியே மறுகோடி வரை திருப்புங்கள். நேர் எதிரே குச்சி ஒரு பாகை திரும்பும்போது அதன் நுனி சுவருக்கு இணையாக 1.7 சென்டிமீட்டர் நகரும். 60 பாகை சாய்வில் அதே ஒரு பாகைக்கு, சுவருக்கு இணையான நகர்வு அதில் பாதிதான். சுவர்த் துண்டின் பங்கு எப்படிக் குறைகிறதோ அப்படியே நுனியின் நகர்வும் குறைகிறது. ஆகவே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, சுவருக்கு இணையான திசையில் நுனி மொத்தம் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று பார்த்தால் கூட்டல் முடிந்துவிட்டது. அதை ‘நகர்வு’ என்றே அழைப்போம். எத்தனை நீளமான கம்பியானாலும் நகர்வு 2-ஐத் தாண்டாது.

பாடப்புத்தகம் இதையே இப்படி எழுதும்:

B = (μ₀I / 4πd)(sin θ₁ + sin θ₂)

I மின்னோட்டம். d என்பது கம்பிக்கு, தேவைப்பட்டால் அதை நீட்டிய கோட்டுக்கு, உள்ள செங்குத்துத் தூரம். செங்குத்துக் கோட்டிலிருந்து இரு முனைகளும் எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பதைச் சொல்பவை இரண்டு கோணங்கள். அடைப்புக்குள் இருக்கும் கூட்டுத்தொகைதான் நம் நகர்வு. சில புத்தகங்களில் சைனுக்குப் பதில் கொசைன் இருக்கும். அவர்கள் கோணத்தைக் கம்பியிலிருந்து அளக்கிறார்கள், செங்குத்திலிருந்து அல்ல. இரண்டையும் கலந்துவிட்டு விடை தவறும் மாணவர்கள் ஏராளம். சூத்திரத்தை மனப்பாடமாக எழுதுமுன் கோணம் எந்தக் கோட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று படத்தில் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

நீங்கள் கம்பியின் நடுப்பகுதிக்கு எதிரே இல்லாமல், ஒரு முனையையும் தாண்டி நின்றால் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் தெரியும். அப்போது சைன்களைக் கழிக்க வேண்டும். குச்சியை நினைத்துக்கொண்டால் இதைத் தனி விதியாக நினைவில் வைக்கத் தேவையில்லை. நுனி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சற்றே நகர்கிறது, அவ்வளவுதான்.

எண்களாகப் போடுவதும் சுலபம். 1 ஆம்பியர் மின்னோட்டம், 10 சென்டிமீட்டர் தூரம் என்றால், நகர்வு எத்தனையோ அத்தனை மைக்ரோடெஸ்லா புலம். தூரத்தைப் பாதியாக்கினால் இரட்டிக்கும். கம்பி மிக நீளமென்றால் நகர்வு 2. புலமும் 2 மைக்ரோடெஸ்லா. ‘மிக நீளம்’ என்பது எவ்வளவு? நடுப்புள்ளிக்கு எதிரே நிற்கும்போது, கம்பியின் மொத்த நீளம் தூரத்தைப் போல 14 மடங்கு இருந்தால் பிழை ஏறத்தாழ ஒரு சதவீதமாகக் குறைந்துவிடும். கம்பி தூரத்தைப் போல இரண்டே மடங்கு என்றால் இரு கோணங்களும் 45 பாகை, நகர்வு 1.414. முடிவிலாக் கம்பியின் சூத்திரத்தை அங்கே போட்டால் 40 சதவீதத்துக்கு மேல் மிகையான விடை வரும்.

இனி பயட்டின் மடித்த கம்பிக்குத் திரும்பலாம். மடிப்பு ஊசியிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கையும் 45 பாகை சாய்ந்து பின்னால் வெகுதூரம் ஓடட்டும். ஊசி கையின் முனையைத் தாண்டி இருப்பதால், கையைப் பின்னோக்கி நீட்டி அந்தக் கோட்டுக்குச் செங்குத்துப் போட வேண்டும். அந்தத் தூரம் 7.07 சென்டிமீட்டர். செங்குத்திலிருந்து பார்த்தால் மடிப்பு 45 பாகையில் தெரிகிறது, கையின் மறுகோடி 90 பாகையில். குச்சியின் நுனி 0.707-லிருந்து 1 வரை நகர்கிறது, நகர்வு 0.293 மட்டுமே. தூரம் குறைந்ததற்காக அதை 1.414 ஆல் பெருக்கினால், 1 ஆம்பியருக்கு 0.414 மைக்ரோடெஸ்லா. இரண்டு கைகளுக்குமாக 0.828. கம்பி நேராக இருந்திருந்தால் 2 வந்திருக்கும். விகிதம் 0.414, அதாவது 22.5 பாகையின் டேன்ஜன்ட். பயட் முதலில் சொன்ன விதிப்படி பாதி, 0.5 என்று வர வேண்டும். 0 பாகையிலும் 90 பாகையிலும் இரண்டு விதிகளும் ஒரே விடையைத் தருகின்றன. நடுவில் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். தொங்கும் ஊசியின் ஆட்டத்தை எண்ணி அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது லேசான வேலை அல்ல.

இதில் ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். தனித்து நிற்கும் ஒற்றைக் கம்பித் துண்டில் மின்னோட்டம் தொடர்ந்து ஓட முடியாது. அது எங்கிருந்தோ வர வேண்டும், எங்கோ போக வேண்டும். அதனால் இந்தச் சூத்திரம் தருவது செங்கல் ஒன்றின் பங்கு. சுற்றின் எல்லாத் துண்டுகளையும் கூட்டினால்தான் அளவீட்டோடு பொருந்தும்.

கூட்டிப் பார்க்க எளிய சுற்று, சதுரச் சட்டம். 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் 10 சுற்று தாமிரக் கம்பி சுற்றி, நடுவில் ஒரு காம்பஸை வையுங்கள். 0.7 ஆம்பியர் நேர்மின்னோட்டம் விட்டால், மையத்தில் ஒவ்வொரு பக்கமும் 0.7 × 1.414, ஏறத்தாழ 0.99 மைக்ரோடெஸ்லா தரும். நான்கு பக்கம், 10 சுற்று என்று பெருக்க 39.6 வருகிறது. தென்தமிழகத்தில் பூமியின் கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்ட முழுவதும் கிடைமட்டம்தான். சட்டத்தை வடக்கு தெற்காகச் செங்குத்தாக நிறுத்தினால் இரு புலங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஊசி 45 பாகை திரும்பும். முடிவிலாக் கம்பியின் கணக்கில் 56 மைக்ரோடெஸ்லா வந்து ஊசி 54 பாகைக்குப் போயிருக்க வேண்டும். ஒன்பது பாகை வித்தியாசத்தைச் சாதாரணக் காம்பஸே காட்டிவிடும்.

இத்தனை நீளத் தாமிரக் கம்பியின் மின்தடை மிகக் குறைவு. ரியோஸ்டாட் வைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் மின்கலம் சூடாகிவிடும். சட்டத்தில் இரும்பு ஆணி கூடாது. கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், அதன் ஒலிபெருக்கிக்குள் காந்தம் உண்டு. மின்கலத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் புலங்கள் அழிந்துவிடும். பிறகு மின்னோட்டத்தின் திசையை மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் 48, மறுபக்கம் 41 என்று வந்தால், சட்டம் சரியாக வடக்கு தெற்காக நிற்கவில்லை என்று அர்த்தம். டேன்ஜன்ட் கால்வனோமீட்டரோடு பழகியவர்களுக்கு இந்தத் திருத்தம் தெரிந்ததுதான்.

அடுத்து சட்டத்தின் உயரத்தை 20 சென்டிமீட்டராகவே வைத்து, நீளத்தை 60 ஆக்குங்கள். கம்பி கூடுகிறது, புலமும் கூடும் என்றுதான் தோன்றும். நீண்ட பக்கங்களின் நகர்வு 1.414-லிருந்து 1.897-க்கு உயர்வது உண்மை. ஆனால் குட்டைப் பக்கங்கள் 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு விலகிவிட்டன; அவற்றின் நகர்வு 0.632 ஆகச் சுருங்கி, தூரத்தால் மேலும் மூன்றில் ஒன்றாகிறது. 1 ஆம்பியருக்கு, 1 சுற்றுக்கு, சதுரச் சட்டம் 5.66 மைக்ரோடெஸ்லா தந்தது. நீண்ட சட்டம் தருவது 4.22 மட்டுமே. அதே 10 சுற்று, அதே 0.7 ஆம்பியரில் ஊசி 45-லிருந்து 36 பாகைக்கு இறங்கி நிற்கும்.