சுழற்சி நிறமாலையில் இருந்து பிணைப்பு நீளம் அறிதல்

ஈரணு மூலக்கூறு ஒன்றின் '''பிணைப்பு நீளம்''' என்பது அதன் இரு அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஆகும். வளிம நிலையில் உள்ள மூலக்கூறுகளுக்கு இத்தொலைவைச் சுழற்சி நிறமாலையின் கோடுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியில் இருந்து கணக்கிடலாம். இக்கட்டுரை, நுண்ணலைகளை உறிஞ்சாத நைட்ரசன் மூலக்கூறின் பிணைப்பு நீளம் இராமன் சிதறல் வழியாக அறியப்படும் முறையை விளக்குகிறது.

== அடிப்படை ==

சுழலும் மூலக்கூறு எந்த ஆற்றலையும் பெற்றுவிட முடியாது. அதன் ஆற்றல் நிலைகள் BJ(J+1) என அமைகின்றன. இங்கு J என்பது 0, 1, 2 என வரும் சுழற்சிக் குவாண்டம் எண். B என்பது சுழற்சி மாறிலி. நிலைமத் திருப்புத்திறன் I பெரிதாக இருந்தால் B சிறிதாகும்:

B = h / (8π²cI),  I = μr²

μ என்பது இரு அணுக்களின் குறைக்கப்பட்ட நிறை, r என்பது பிணைப்பு நீளம். ஆகவே B தெரிந்தால் r தெரியும்.

கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகளில் ஒரு முனை சற்று நேர்மின்னும் மறுமுனை சற்று எதிர்மின்னும் கொண்டிருப்பதால், அவை சுழலும்போது நுண்ணலைகளை உறிஞ்சுகின்றன. J ஒவ்வொன்றாக உயர்வதால் கோடுகள் 2B இடைவெளியில் அமைகின்றன. நைட்ரசனின் இரு முனைகளும் ஒத்தவை. எனவே அது எவ்வளவு சுழன்றாலும் நுண்ணலை நிறமாலையில் கோடு எதுவும் தோன்றாது.

== இராமன் சிதறல் தந்த வழி ==

காவிரிக்கரைத் திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த ச. வெ. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் செய்த ஆய்வில் 1928 பிப்ரவரி 28 அன்று புதிய வகை ஒளிச்சிதறலைக் கண்டார். சிதறும் ஒளி மூலக்கூறுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்தோ அதனிடம் இருந்து பெற்றோ வெளிவருகிறது. இதற்கு மூலக்கூறின் முனைகள் வேறுபட வேண்டியதில்லை. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அதன் எலக்ட்ரான் முகில் வெவ்வேறு அளவில் இழுபட்டால் போதும். ஒரு முழுச் சுற்றில் இந்த முகில் இருமுறை ஒரே தோற்றத்தைக் காட்டுவதால் J இரண்டிரண்டாக மாறுகிறது. இதனால் முதற்கோடு மூல ஒளியில் இருந்து 6B தொலைவிலும், அடுத்தவை 4B இடைவெளியிலும் விழும்.

இத்தாலிய இயற்பியலாளர் பிராங்கோ ராசெட்டி 1929 இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் நைட்ரசன், ஆக்சிசன் ஆகியவற்றின் சுழற்சிக் கோடுகளைப் பதிவு செய்தார்.

== நைட்ரசனுக்கான கணக்கு ==

கோடுகளின் இடைவெளி 7.958 செ.மீ.⁻¹. இதனை 4 ஆல் வகுக்க B = 1.9896 செ.மீ.⁻¹. இதிலிருந்து I = 1.407 × 10⁻⁴⁶ கி.கி. மீ². நைட்ரசனின் μ, அணு நிறையில் பாதி, அதாவது 1.1626 × 10⁻²⁶ கி.கி. எனவே

r² = I/μ = 1.210 × 10⁻²⁰ மீ²
r = 1.100 × 10⁻¹⁰ மீ = 1.100 ஆங்சுட்ராம்

இது மிகத் தாழ்ந்த அதிர்வு நிலையில் உள்ள மூலக்கூறின் நீளம். அந்நிலையிலும் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால், சமநிலை நீளமான 1.098 ஆங்சுட்ராமை விட இது சற்றே மிகுதி. நூல்களில் இரு மதிப்புகளும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

== கணக்கு பிழைக்கும் இடங்கள் ==

J உயர உயர மூலக்கூறு வேகமாகச் சுழன்று சிறிது நீள்கிறது, கோடுகளும் நெருங்குகின்றன. J = 20 அருகே நைட்ரசனின் இடைவெளி சுமார் 7.89 செ.மீ.⁻¹ ஆகிவிடும். அந்த இடைவெளியை மட்டும் கொண்டால் 1.105 ஆங்சுட்ராம் என்ற மிகையான விடை வரும். தொடக்கக் கோடுகளை எடுத்துக்கொள்வது, அல்லது நீட்சிக்கான திருத்தத்தையும் சேர்த்துப் பல கோடுகளைப் பொருத்துவது இதற்குத் தீர்வு.

இதைவிடப் பெரிய பொறி ஆக்சிசனில் உள்ளது. அதன் கோடுகள் 11.50 செ.மீ.⁻¹ இடைவெளியில் உள்ளன. இதனை 4B எனக் கொண்டால் பிணைப்பு நீளம் 0.86 ஆங்சுட்ராம் என வரும், உண்மையானது 1.21. ஆக்சிசன்-16 அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இல்லாமையால் சுழற்சி நிலைகளில் இரட்டைப்படை நிலைகள் இருப்பதேயில்லை. ஒன்றுவிட்டு ஒரு கோடு காணாமல் போக, இடைவெளி 8B ஆகிறது. விடுபட்ட கோடுகளைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. முதற்கோட்டின் தொலைவை இடைவெளியால் வகுக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் இருந்தால் 6B/4B, அதாவது 1.5 கிடைக்கும். ஆக்சிசனில் 14.38/11.50 = 1.25, இது 10B/8B என்பதற்குச் சமம்.

நைட்ரசனில் கோடுகள் மறைவதில்லை. ஆனால் இரட்டைப்படை J இல் தொடங்குபவை ஏறத்தாழ இருமடங்கு பொலிவுடன் மாறி மாறி வருகின்றன. வலுக்குறைந்த கோடுகளைத் தவறவிட்டால் இங்கும் அதே பிழை நேரும். இந்தப் பொலிவு மாற்றம் அக்காலத்தில் வேறொரு சிக்கலையும் எழுப்பியது. நைட்ரசன் அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும் உள்ளன என அப்போது கருதப்பட்டது. மொத்தம் 21 துகள்கள் என்றால் ஒற்றைப்படை J கோடுகளே பொலிவாக இருக்கவேண்டும் என்றும், ராசெட்டியின் பதிவு அதற்கு நேர்மாறாக உள்ளது என்றும் வால்டர் ஹைட்லரும் கெரார்டு ஹெர்ஸ்பெர்கும் 1929 இல் சுட்டிக்காட்டினர். 1932 இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பின், 7 புரோட்டான், 7 நியூட்ரான் என்ற கணக்கில் இம்முரண்பாடு நீங்கியது.