மருந்தும் மறுவினையும் - 9
பாதி பாட்டில் எங்கே போனது?

சென்ற வாரம் ஏ வகை, பி வகை என்று மருந்து ரியாக்ஷன்களை இரண்டு கூடைகளில் போட்டோம். தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு அது நினைவிருக்கும், திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் ரியாக்ஷனை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மாணவிகளுக்காகப் பயிற்சிக் கேள்விகள் தயாரிக்க உட்கார்ந்தபோது வான்கோமைசின் வந்து வழியை மறித்துக்கொண்டது. இரண்டு கூடைகளிலும் சரியாக அடங்காத மருந்து அது. பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றையும் அதற்கு மதிப்பெண் தரும் முறையையும் முழுதாகத் தருகிறேன். விடையைப் பார்க்கும் முன் ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

கேள்வி இதுதான். ஐம்பத்திரண்டு வயது ஆண், எடை 60 கிலோ, சர்க்கரை நோயாளி. காலில் ஆறாத புண். கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருக்கிறது. வான்கோமைசின் 1 கிராமை 250 மில்லி நார்மல் சலைனில் கலந்து, 100 நிமிடத்தில் ஏற்றும்படி ஆர்டர். இதுதான் முதல் டோஸ். காலை 10 மணிக்கு டிரிப் தொடங்கியது. 10.15-க்கு அவர் மனைவி ஓடி வருகிறார்: "சிஸ்டர், இவருக்குக் கழுத்தெல்லாம் அரிக்குதாம், மூஞ்சி கொதிக்குதுங்கிறாரு." போய்ப் பார்த்தால் பாட்டிலில் பாதிதான் மிச்சம். பல்ஸ் 108. பி.பி. 110/70, டிரிப் போடும் முன் 130/80 இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 20, ஆக்ஸிஜன் அளவு 98. நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. உதடு வீங்கவில்லை, வாந்தி இல்லை. (அ) என்ன நடந்திருக்கிறது, காரணம் என்ன? (2) (ஆ) உடனே செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுக. (4) (இ) இது அனஃபிலாக்ஸிஸ் அல்ல என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? (2) (ஈ) கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவீர்கள்? (2)

முதல் பகுதியில் 'அலர்ஜி' என்று மட்டும் எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை. 'வான்கோமைசின் இன்ஃபியூஷன் ரியாக்ஷன்' என்று எழுதினால் ஒன்று. அதிவேகமாக ஏறியதுதான் காரணம் என்று கணக்கோடு காட்டினால் இன்னொன்று. கணக்கு எளிது. 250 மில்லியில் 1000 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். 100 நிமிடத்தில் ஏற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு இரண்டரை மில்லி, அதாவது 10 மில்லிகிராம். வான்கோமைசினுக்கு அதுதான் மேல் வரம்பு. 15 நிமிடத்தில் 37 அல்லது 38 மில்லிதான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 125 மில்லி இறங்கிவிட்டது. நிமிடத்துக்கு 33 மில்லிகிராம், மூன்று மடங்குக்கும் மேல். ரோலரை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று உறவினர்களே தள்ளிவிடுவது வார்டில் பார்க்காத காட்சி அல்ல. கை மடங்கியிருந்து பிறகு நீட்டினாலும் வேகம் மாறும். அதனால்தான் சொட்டை ஒருமுறை எண்ணிவிட்டுப் போவது போதாது. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 50 சொட்டு. தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் திரும்பி வந்து சொட்டையும், பாட்டிலில் உள்ள அளவுக் கோட்டையும் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது. இது முதல் டோஸ். வழக்கமான அலர்ஜிக்கு உடம்பு அந்தப் பொருளை முன்பே சந்தித்து, அதற்கென்று ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். வான்கோமைசினுக்கு அந்த முன்னறிமுகமே தேவையில்லை. தோலில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் இருக்கும் ஒரு ஏற்பியை நேராகத் தூண்டி, உள்ளே இருக்கும் ஹிஸ்டமினை வெளியே கொட்டவைக்கிறது. மெதுவாக ஏறினால் கொஞ்சமாகக் கொட்டும், யாருக்கும் தெரியாது. வேகமாக ஏறினால் முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி எல்லாம் சூடும் அரிப்பும். ஆகவே டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்பது இந்த ரியாக்ஷனைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்காது. துளி மருந்துக்கு அது வராது, வேகத்துக்குத்தான் வரும். மார்ஃபினும் மாஸ்ட் செல்லைத் தூண்டும் மருந்துதான். அது கூடவே போயிருந்தால் ரியாக்ஷன் இன்னும் எளிதில் வரும்.

இந்த மருந்தின் பிறப்பும் சுவையானது. 1950-களின் தொடக்கத்தில் போர்னியோ காட்டிலிருந்து ஒரு மிஷனரி அனுப்பிய மண்ணில், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் வேலை பார்த்த எட்மண்ட் கார்ன்ஃபெல்டு என்ற வேதியியலாளர் வழியாகக் கண்டெடுக்கப்பட்டது. ஆரம்பத்தில் தயாரித்த மருந்து பழுப்பாக இருந்ததால் 'மிசிசிப்பிச் சேறு' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். 1958-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயாளிக்கு உடம்பு சிவந்து அரித்தால் பழியை அந்த அழுக்கின் மேல் போடுவது எளிதாக இருந்தது. பிறகு மருந்தைச் சுத்திகரித்தார்கள், தொல்லைகளும் குறைந்தன. ஆனால் இந்தச் சிவப்பும் அரிப்பும் போகவில்லை, ஏனென்றால் அது வான்கோமைசின் மூலக்கூறின் குணமே. சுத்தமான, விலை உயர்ந்த பிராண்ட் என்பதால் வேகமாக ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிவப்பு என்றேன். நம் ஊர் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. பாடப்புத்தகப் படத்தில் உள்ளதைப் போல முகம் செக்கச்செவேல் என்று ஆகும் வரை காத்திருந்தால் தவறவிடுவோம். நோயாளி கழுத்தைச் சொறிகிறாரா, புறங்கையை வைத்துப் பார்த்தால் நெற்றியும் மார்பும் சுடுகின்றனவா, 'எரியுது' என்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த ரியாக்ஷனின் பழைய பெயரில் சிவப்பு என்ற சொல் இருந்ததைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். விடைத்தாளில் பழைய பெயரை எழுதினாலும் மதிப்பெண் தருவேன், ஆனால் புதியதைப் பழகுங்கள்.

இரண்டாம் பகுதிக்கு நான்கு மதிப்பெண். முதலாவது, டிரிப்பை நிறுத்துவது. 'வேகத்தைக் குறைப்பேன்' என்று தொடங்கும் விடைகள் நிறைய வரும். அதற்கு அந்த ஒரு மதிப்பெண் கிடையாது. காரணம் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்ற அந்த முதல் நொடியில் இது இன்ஃபியூஷன் ரியாக்ஷனா, அனஃபிலாக்ஸிஸா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத நிலையில் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. இரண்டாவது, நோயாளியை விட்டு நகராமல் உதவிக்குக் குரல் கொடுத்து, அவரைப் பேசவைத்துக் குரலைக் கவனித்து, மூச்சு, பல்ஸ், பி.பி., ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது. மூன்றாவது, வழியைக் காப்பாற்றுவது. கேனுலாவை உருவக்கூடாது, ஐந்து நிமிடத்தில் அதுதான் தேவைப்படலாம். ஆனால் அதே டியூபில் சலைனை இணைத்து ஓட்டினால் டியூபில் நிற்கும் மருந்தெல்லாம் சேர்ந்து உள்ளே போகும். செட்டையே கழற்றி, புது செட்டில் சலைன் போட வேண்டும். 'புது செட்' என்ற சொல் இருந்தால்தான் முழு மதிப்பெண். நான்காவது, டாக்டருக்குத் தெரிவித்து, ஆர்டர்படி ஆன்டிஹிஸ்டமின் கொடுத்து, அரிப்பு அடங்குகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பது.

அடங்கிய பிறகு மருந்தை மறுபடி தொடங்கலாமா? லேசான ரியாக்ஷன் என்றால் டாக்டரின் ஆர்டரோடு தொடங்கலாம். பழைய வேகத்தில் பாதி, அல்லது நிமிடத்துக்கு 10 மில்லிகிராம், இரண்டில் எது குறைவோ அது என்பது வழக்கம். நம் நோயாளிக்கு உண்மையில் ஓடிய வேகம் 33. அதில் பாதி 16-க்கு மேல், அதுவே வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே இவருக்கு 10 அல்லது அதற்கும் கீழே. 'பாதி வேகத்தில் தொடங்குவேன்' என்று மட்டும் எழுதுபவர்கள் எதில் பாதி என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் பகுதியில் விசில் சத்தம், குரல் கம்மல், நாக்கு உதடு வீக்கம், வாந்தி, வயிற்றுவலி இவை இல்லை என்பதைக் காட்டினால் ஒரு மதிப்பெண். பி.பி.யை மட்டும் நம்பி முடிவு சொல்பவருக்குப் பாதிதான். வான்கோமைசின் ரியாக்ஷன் கடுமையாக இருந்தாலும் பி.பி. விழும். சந்தேகம் என்றால் அனஃபிலாக்ஸிஸ் என்றே வைத்துக்கொண்டு அட்ரினலின். இந்த ஒரு மதிப்பெண்ணுக்கு நான்கு விவரமும் வேண்டும்: மருந்து அட்ரினலின், அளவு அரை மில்லிகிராம், வழி தசை, இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பியூல் என்றால் அரை மில்லி. தோலுக்கடியில் என்று எழுதினால் மதிப்பெண் இல்லை, ஏனென்றால் அதிர்ச்சியில் இருக்கும் உடம்பில் தோலுக்கடியிலிருந்து மருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும்.

கடைசிப் பகுதிதான் பலருக்கும் சறுக்கும் இடம். 'வான்கோமைசின் அலர்ஜி' என்று கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதிவிட்டால், அந்த வரி அவர் கூடவே வரும். அடுத்தமுறை எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத்தில் பரவி வந்து படுக்கும்போது, அவருக்கு ஏற்ற மருந்தை அந்த வரியைப் பார்த்து யாரோ தள்ளி வைப்பார்கள். மாற்றாகக் கிடைக்கும் லினெசோலிடை வாரக்கணக்கில் கொடுத்தால் பிளேட்லெட் குறையும் என்ற கவலை வரும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்: என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மில்லியில், எப்போது தொடங்கியது, 10.15-க்கு எவ்வளவு ஏறியிருந்தது, என்ன அறிகுறி, வைட்டல்ஸ், என்ன செய்தோம், எத்தனை மணிக்கு அடங்கியது. இந்த விவரங்களுக்கு ஒரு மதிப்பெண். 'வேகமாக ஏறியதால் வந்த இன்ஃபியூஷன் ரியாக்ஷன்' என்று தெளிவாகக் குறித்ததற்கு இன்னொன்று.

இதே விவரங்கள்தான் படிவத்திலும் கேட்கப்படும். காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நர்ஸே நேரடியாக ரியாக்ஷனைத் தெரிவிக்கலாம், டாக்டர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. படிவத்தைக் கட்டம் கட்டமாக அடுத்த வாரம் நிரப்புவோம்.

அதற்குள் இரண்டு மதிப்பெண் கணக்கு ஒன்று. வான்கோமைசின் ஒன்றரை கிராம், 500 மில்லி சலைனில். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 20 சொட்டு செட். எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? வரம்பைத் தாண்டாமல் 66 சொட்டு வந்தால் கணக்கு சரி. நிமிடங்களை நீங்களே கண்டுபிடியுங்கள், அதற்கு ஒரு மதிப்பெண் தனியாக இருக்கிறது.