கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் கல்லூரி வட்டாரத்தில் எழும் முதல் கேள்வி, "கைடு கிடைச்சாச்சா?" என்பதுதான். ஜெர்மனியில் தனி வழிகாட்டியின்கீழ் ஆய்வு செய்யும் முறையில், ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற வேலைகளே நகரும். இங்கே நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு என்றாலும் கைடிடம் இடம் இருக்க வேண்டும். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்றாண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. எழுதுவதற்கு முன்பு இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படி எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும். பெறுபவர் பெண் பேராசிரியராக இருந்தாலும் அப்படியேதான். அவருடைய ஆய்வுகளைப் படித்து வியந்ததாக ஒரு வரி, தன் மதிப்பெண்கள், தன் உழைப்பு, வாய்ப்பு தந்தால் நன்றியுடன் இருப்பேன் என்ற முடிவு. பேராசிரியரின் பெயரை மாற்றிவிட்டால் கடிதம் அடுத்த துறைக்கும் பொருந்தும். படிப்பவருக்கு இது முதல் மூன்று வரியிலேயே தெரிந்துவிடும். பாராட்டு வரிகளைவிட, அவருடைய கட்டுரையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பிடித்துக் கேட்கும் கேள்விதான் வேலை செய்யும். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். மாணவி, பேராசிரியர், எண்கள் எல்லாம் கற்பனை. ஊரும் வேதியியலும் நிஜம்.

தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும் எலும்பில் பாதிப்பும் வருவதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் மாணவி எம்.எஸ்சி. புவியியல் படித்தவர். அந்த மாவட்டத்தில் 40 கிணறுகளின் நீரை மழைக்கு முன்பும் பின்பும் எடுத்துச் சோதித்திருக்கிறார். மழை பெய்தால் நீர்த்துப்போய் ஃபுளோரைடு குறைய வேண்டும். ஆனால் 11 கிணறுகளில் கூடியிருந்தது.

அவர் சேர விரும்பும் பேராசிரியரும் பாறைப் பகுதி நிலத்தடி நீரைப் பற்றித்தான் எழுதுகிறார். அவருடைய கட்டுரை ஒன்றிலும் இதே விநோதம் வருகிறது. கோடையில் நீர் ஆவியாகி மண்ணில் படிந்த உப்புகளை மழைநீர் அடித்துக்கொண்டு போய் நிலத்தடி நீரில் சேர்க்கிறது என்று அவர் காரணம் சொல்லியிருந்தார். மாணவி தன் அட்டவணையை எடுத்து வைத்துப் பார்க்கிறார். மண்ணில் படிந்த உப்புதான் காரணம் என்றால் ஃபுளோரைடோடு குளோரைடும் கூடியிருக்க வேண்டும். குளோரைடு பாறையோடு அதிகம் வினைபுரியாது, கரைந்தால் நீரோடு அப்படியே போகும். மாணவியின் 11 கிணறுகளில் 9இல் குளோரைடு கூடவில்லை. கால்சியம் குறைந்து சோடியம் ஏறியிருந்தது. கால்சியம் குறைவாக உள்ள நீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். கால்சியம் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து ஃபுளோரைட் என்ற கனிமமாகப் படிந்துவிடும். களிமண் நீரிலிருந்து கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுவதும் உண்டு. ஆக, இங்கே வேறு காரணம் இருக்கலாம்.

பேராசிரியரின் கட்டுரையில் குளோரைடு அளவுகள் பருவவாரியான சராசரியாகத்தான் இருந்தன. துணைத் தரவுக் கோப்பையும் திறந்து பார்த்தார். கிணறுவாரியாக அங்கேயும் இல்லை. கட்டுரையிலேயே விடை இருக்கிற கேள்வியைக் கேட்டால் படிக்காதவர் என்று பெயர் வந்துவிடும், அதனால் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கக்கூடாது.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் விஷயம் தமிழில் இப்படி இருக்கும்:

"வணக்கம் பேராசிரியர் அவர்களே. நான் எம்.எஸ்சி. புவியியல் முடித்தவள். அடுத்த ஆண்டு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றிருக்கிறேன். என் திட்ட ஆய்வில் தருமபுரியில் 40 கிணறுகளை இரு பருவங்களில் சோதித்தேன். பாறைப் பகுதி நீரில் ஃபுளோரைடு பற்றிய உங்கள் கட்டுரையில் மழைக்குப் பின் சில கிணறுகளில் அது கூடியதாகவும், மண் உப்புகள் கரைந்ததே காரணம் என்றும் எழுதியிருந்தீர்கள். என் தரவில் அப்படிக் கூடிய 11 கிணறுகளில் 9இல் குளோரைடு கூடவில்லை, கால்சியம் குறைந்திருந்தது. உங்கள் பகுதியில் ஃபுளோரைடு கூடிய அதே கிணறுகளில் குளோரைடும் கூடியதா? அடுத்த சேர்க்கையில் உங்களிடம் இடம் இருக்குமானால் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து ஆராய விரும்புகிறேன். இரண்டு பக்க விவரக்குறிப்பு இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். "உங்கள் முடிவு தவறு" என்று எங்கும் சொல்லவில்லை, ஆனால் வேறு விளக்கத்துக்கு இடமிருக்கிறது என்பது பேராசிரியருக்குப் புரிந்துவிடும். தன் கோப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தால் பதில் சொல்லிவிடலாம். ஆம் என்று வந்தால் இரு பகுதிகளும் ஏன் வேறுபடுகின்றன என்பது ஆய்வுக் கேள்வி. இல்லை என்று வந்தால் அவருடைய விளக்கத்தையே மறுபடி சோதிக்க வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் மாணவிக்கு அடுத்த வேலை இருக்கிறது. மாறாக, "இத்துறையின் எதிர்காலம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் எந்தப் பதிலும் யாரையும் நகர்த்தாது. பொருத்தம் என்று தனியாக ஒரு பத்தி எழுதவும் தேவையில்லை, கேள்வியே அதைச் சொல்லிவிடுகிறது.

எந்தக் கட்டுரையை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய புகழ்பெற்ற கட்டுரையைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள். பேராசிரியர் அந்தப் பக்கமே இப்போது போகாமல் இருக்கலாம். கடைசி மூன்று ஆண்டுகளில் என்ன எழுதினார் என்று பாருங்கள். ஆசிரியர் வரிசையில் அவர் நடுவில் எங்கோ இருந்தால் அது பெரும்பாலும் இன்னொரு குழுவின் ஆய்வு. அதைப் பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை.

இவ்வளவு செய்தும் பதில் வராமல் போகலாம். பணம் இல்லாதிருக்கலாம், விடுப்பில் இருக்கலாம், பணி ஓய்வு நெருங்கியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, அதே மின்னஞ்சலின் கீழேயே, இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவில் பல துறைகளில் சேர்க்கைக் குழுதான் தேர்வு செய்கிறது, குறிப்பாகச் சில உயிரியல் துறைகளில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழற்சியாக இருந்துவிட்டுத்தான் கைடு முடிவாவார். அங்கே இந்த மின்னஞ்சலுக்குப் பெரிய எடை இல்லை, துறையின் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். "நல்ல கேள்வி, தரவை அனுப்புங்கள்" என்று பதில் வந்தாலும் இடம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சம்மதம் தெளிவாக எழுத்தில் வர வேண்டும்.

தரவை அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். எம்.எஸ்சி. திட்ட ஆய்வின் முடிவுகள் உங்களுடையவை மட்டுமல்ல. உங்கள் அப்போதைய கைடுக்கும் அதில் பங்குண்டு, அவர் கட்டுரையாக்கத் திட்டமிட்டும் இருக்கலாம். அச்சில் வராத எண்களை வேறொரு பேராசிரியருக்குக் காட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.