பாட்டி வைத்த அலாரம்

மதுரைப் பாட்டி ஒருவர் பேரனிடம் கேட்டது இதுதான்: "காலையில தைராய்டு மாத்திரை மறந்து போகுதுடா கண்ணா, இந்த போன்ல மணியடிக்க வைக்க முடியுமா?" பேரன் கடிகாரச் செயலியைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டு, 6 மணி வைத்துக் காட்டினான். மறுநாள் அடித்தது, அதற்கடுத்த நாள் அடிக்கவில்லை. கிழமைகளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அலாரம் ஒருமுறையோடு அணைந்துவிடும். ஏழு கிழமைகளையும் தொட்டதும் சரியாயிற்று.

பிறகு பாட்டியைப் பிடிக்க முடியவில்லை. மகனின் இரவு மாத்திரைக்கு 8 மணி வைத்தார். ஏஎம், பிஎம் பார்க்காததால் அது காலையில் அலறியது. அலாரங்கள் பெருகவே, எது எதற்கென்று குழப்பம். பேரன் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் எழுதித் தந்தான்: "அப்பா மாத்திரை", "மோட்டார் நிறுத்து", "பாப்பா டியூஷன்". மருமகள்தான், "அத்தை, ஞாயித்துக்கிழமையாவது டியூஷனை விடுங்க" என்றாள். அந்த ஒரு கிழமையை மட்டும் பாட்டி நீக்கினார்.

போனை சைலண்டில் போட்டாலும் பொதுவாக அலாரம் ஒலிக்கும். பல போன்களில் அதன் ஒலியளவு தனி. ஆனால் போன் அணைந்து கிடந்தால் பெரும்பாலானவற்றில் அடிக்காது. இரவில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.