கடிக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது

ஒரு வயதுக் குழந்தையின் வாயில் பெரும்பாலும் முன்பற்கள் மட்டுமே இருக்கும். அவை கடித்துத் துண்டாக்கும், அவ்வளவுதான். அரைப்பது கடைவாய்ப் பற்களின் வேலை. அவை பொதுவாக முதல் பிறந்தநாளுக்குப் பிறகே முளைக்கத் தொடங்கும். ஆகவே பச்சை கேரட்டையோ கடலையையோ கொடுத்தால் குழந்தை அதை உடைத்துவிடும், மசிக்க முடியாது. உடைந்த துண்டு அப்படியே தொண்டைக்குப் போகும். மூச்சுக்குழாயோ ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமன்தான். அடைத்ததை இருமித் தள்ளும் வலுவும் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு.

இதே வயதில்தான் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து ஒரு பருக்கையைப் பொறுக்கியெடுக்கக் குழந்தை கற்றுக்கொள்கிறது. தட்டில் கைவிட்டுத் தானே தின்ன அடம்பிடிக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் குழைத்து ஊட்டிக்கொண்டே இருந்தால், நாக்கால் உணவைப் புரட்டி மெல்லும் பழக்கம் தள்ளிப்போகும். எடுத்துத் தின்னட்டும். தட்டில் எதை, எந்த உருவத்தில் வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

அதைச் சரிபார்க்க நம் விரலே போதும். ஒரு துண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். மசிந்துவிட்டால் குழந்தையின் ஈறும் அதை மசித்துவிடும். வழுக்கிக்கொண்டு ஓடினாலோ, கட்டியாக உடைந்தாலோ கொடுக்கக் கூடாது.

நம் வீட்டுச் சுண்டலையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வெந்தது குழந்தைக்கு வேகாதது. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட வேண்டும். பிறகு தோலை உரித்து, ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக நசுக்கி வைக்கலாம். உருண்டை போய்விட்டால் அடைக்கும் அபாயம் வெகுவாகக் குறையும். தாளிப்பதற்கு முன்பே குழந்தையின் பங்கை எடுத்துவிடுங்கள். தேங்காய்ப் பல்லும் மொறுமொறுப்பான பருப்பும் அதற்கு ஆகாது. உப்புமாவில் வறுபட்ட கடலைப்பருப்பு, பொங்கலில் முந்திரி, முழு மிளகு ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. பொங்கல் குழைவாக இருப்பதால் உள்ளே இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இட்லி மெத்தென்று இருந்தாலும் வறண்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரல் நீளத்துக்கு நறுக்கி, நெய்யோ பருப்புத் தண்ணீரோ விட்டு ஈரமாக்கிக் கொடுங்கள். ஆவியில் நன்றாக வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், முட்டை ஆம்லெட் கீற்று, கனிந்த பப்பாளி எல்லாம் நல்லவை. குழிப்பணியாரத்தை நான்காகப் பிய்த்துக் கொடுக்கலாம். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே நிற்கும். நீளவாக்கில் நான்காக்கி, விதையை எடுத்துவிட வேண்டும்.

எந்தப் பக்குவத்திலும் திருத்த முடியாதது முழு வேர்க்கடலை. குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் நம் நாட்டில் அதிகம் காணப்படுவது இதுதான். ஐந்து வயதுவரை முழுக் கொட்டைப் பருப்பு எதுவும் வேண்டாம். பொட்டுக்கடலை, பாப்கார்ன், கடலை மிட்டாய், முறுக்கு ஆகியவையும் இப்போது வேண்டாம். வேர்க்கடலையின் சத்து வேண்டுமென்றால் நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அண்ணன் அன்பாக ஊட்டிவிடும் கடலையை யாரும் கவனிப்பதில்லை.

தின்னும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். நடந்துகொண்டோ வண்டியில் போகும்போதோ தின்னக் கொடுக்காதீர்கள்.

புதிதாகத் தின்னப் பழகும் குழந்தைக்கு அடிக்கடி குமட்டும். முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், இருமல் சத்தம் கேட்கும். அது தானாகச் சரியாகிவிடும், அருகிலிருந்து பாருங்கள். சத்தமே வராமல், அழவும் இருமவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது அடைப்பு. உடனே குழந்தையை முன்பக்கமாகக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால், பின்னாலிருந்து தொப்புளுக்குச் சற்று மேலே கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டுபோனால் 108-இல் சொல்கிறபடி நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். வயிற்றை அழுத்தியிருந்தால், அடைப்பு நீங்கிய பிறகும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

சில நேரம் திடீரென்று கடுமையாக இருமிவிட்டுக் குழந்தை பழையபடி விளையாடப் போய்விடும். அடுத்த நாள்களில் விடாத இருமலோ, மூச்சில் விசில் சத்தமோ, திரும்பத் திரும்ப நிமோனியாவோ வந்தால், துண்டு நுரையீரல் குழாயில் தங்கியிருக்கலாம். கடலை எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரிவதில்லை. அதனால் படம் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், அன்று என்ன தின்றது, எப்போது இருமியது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.