மிச்சம் எத்தனை மனை?
விளம்பரம் எழுதும் கலை – தொடர்

அயனம்பாக்கத்தில் மனை விற்பனை நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். அம்பத்தூர் எஸ்டேட் பத்து நிமிடம், வேலப்பன்சாவடி ஐந்து நிமிடம், அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'சில மனைகளே உள்ளன, முந்துங்கள்'. இந்த வாரம் அந்தச் சிவப்பு வரியைப் பற்றி மட்டும் பேசலாம்.

அவசரப்படுத்துவது தவறல்ல. மனைகள் உண்மையிலேயே தீர்ந்துகொண்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. யோசித்துவிட்டு அடுத்த மாதம் வருகிறவர் ஏமாந்துபோவார். சிக்கல் 'சில' என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை, எந்தத் தேதியில், எதனால் என்ற மூன்றுக்கும் அது பதில் சொல்வதில்லை.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லேஅவுட்டில் 24 மனைகள் என்று வைத்துக்கொள்வோம். 15 மனைகளுக்கு ஒப்பந்தமோ கிரயமோ முடிந்துவிட்டது. ஐந்து மனைகளுக்கு ஆளுக்கு 25 ஆயிரம் டோக்கன் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மிச்சம் நான்கு. '24-ல் 20 விற்றுவிட்டது' என்று எழுதினால் அது பொய். டோக்கன் கொடுத்தவர் வங்கிக் கடன் கிடைக்காமல் விலகலாம், வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு விலகலாம். '15 மனைகள் விற்றுவிட்டன, 5-க்கு முன்பணம் வந்திருக்கிறது, 4 மிச்சம், மார்ச் 10 நிலவரம்' என்று எழுதினால் ஒரு வரிதான் கூடுகிறது. படிப்பவர் நிலைமையைத் தானே எடை போட்டுக்கொள்வார்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த நான்கில் கிழக்குப் பார்த்த மனை ஒன்றுதான், மற்ற மூன்றும் தெற்கு என்றால் அதையே எழுதுங்கள். கிழக்கு வாசல் வேண்டும் என்பவர் அன்றே போன் செய்வார். தெற்கு போதும் என்பவர் நிதானமாக வருவார். யாருக்கு அவசரமோ அவரை மட்டும் அவசரப்படுத்துகிற விளம்பரம் அது.

இதே அளவுள்ள வேறொரு லேஅவுட்டில் எண்ணை வளைப்பதும் எளிது. 24 மனைகளில் பத்தை 'இரண்டாம் கட்டம்' என்று ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் கட்டத்தில் மிஞ்சிய இரண்டைக் காட்டி 'இரண்டே மனைகள்' என்று எழுதலாம். அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிசகு இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் பத்து மனைகள் காலியாக இருப்பது தெரிந்தால் வாங்க வருகிறவர் அவசரப்படுவாரா? மாட்டார். அவர் முடிவை மாற்றக்கூடிய செய்தியை மறைத்து எழுதியது தவறான விளம்பரம்தான், எண் சரியாக இருந்தாலும்.

மனை விளம்பரத்தில் ஒரு வசதி உண்டு: எண்ணைச் சரிபார்க்க முடியும். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர் முதலில் ரெராவில் பதிய வேண்டும். பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எத்தனை மனைகள் புக் ஆகியிருக்கின்றன என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது rera.tn.gov.in.

நோட்டீஸில் 'நான்கே மிச்சம்' என்றும் தளத்தில் ஒன்பது மிச்சம் என்றும் இருந்தால் உடனே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். காலாண்டு முடிந்த பிறகு ஐந்து விற்றிருக்கலாம். ஏற்றுவதில் தாமதமும் இருக்கலாம். விற்பனையாளரிடம் அந்த ஐந்து மனைகளின் எண்ணையும் ஒப்பந்தத் தேதியையும் கேளுங்கள். உண்மையாக விற்றவருக்கு அதைச் சொல்லத் தடை இருக்காது. அடுத்த காலாண்டிலும் ஒன்பதே மிச்சம் என்றால், நோட்டீஸ் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடும், அவர் விலக விரும்பினால் கட்டிய தொகையும் வட்டியோடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 12-வது பிரிவு. விளம்பரம் எழுதுகிற நாமும் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அடுத்தது கெடு. 2023 மார்ச்சில் வந்த தமிழக பட்ஜெட்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூன் 8-க்கு முந்தைய அளவுக்கே திரும்பும், பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறையும் என்று அறிவித்தார்கள். அரசு வைத்த கெடு. விற்பனையாளர் கற்பித்தது அல்ல. அதனால் 'மார்ச் 31-க்குள் பதிந்தால் லாபம்' என்று எழுதினால் நேர்மையான அவசரம்தானே என்று தோன்றும்.

கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும். முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்தால் மொத்தச் செலவு அதுவரை 11, பிறகு 9. வழிகாட்டி மதிப்பு 20 லட்சமாக இருந்து, கிரயமும் அந்த அளவிலேயே நடந்தால் மார்ச்சில் செலவு 2.2 லட்சம். ஏப்ரலில் அதே மனையின் மதிப்பு ஏறக்குறைய 30 லட்சம் ஆகிவிடும், செலவு 2.7 லட்சம். இவருக்கு மார்ச்சில் பதிவதே லாபம். ஆனால் மனையை 40 லட்சத்துக்கு வாங்கி அந்த முழுத் தொகைக்கும் பத்திரம் போடுகிறவர் கதை வேறு. வழிகாட்டி மதிப்பைவிடக் கிரயத் தொகை கூடுதலாக இருந்தால் கட்டணம் கிரயத் தொகைக்குத்தான். மார்ச்சில் அவருக்கு 4.4 லட்சம், ஏப்ரலில் 3.6 லட்சம். அவரை மார்ச் 31-க்குள் ஓடி வரச் சொன்னால் 80 ஆயிரம் ரூபாயை இழக்கச் சொல்கிறோம். கெடு உண்மை, அது சிலருக்குத்தான் பொருந்தும். யாருக்கு என்று எழுதாத விளம்பரம் மற்றவர்களை ஏமாற்றிவிடும்.

மூன்றாவது, 'எங்களை நம்பிய 200 குடும்பங்கள்'. இந்த 200 பேர் யார்? கிரயம் முடித்தவர்களா, ஞாயிற்றுக்கிழமை வேனில் சைட் பார்க்க வந்து போனவர்களா, பத்து வருடமாக வேறு ஊர்களில் வாங்கியவர்களா? மனையைப் பொறுத்தவரை என் கணக்கில் எடை உள்ள சாட்சி ஒன்றுதான்: அந்த லேஅவுட்டிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். போர்வெல் தண்ணீர் எப்படி, ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று அவர்களுக்குத் தெரியும். முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்த நூறு பேருக்குத் தெரியாது. 'ஆறு குடும்பங்கள் குடியேறிவிட்டன, வந்து பேசிப் பாருங்கள்' என்ற வரியின் முன்னால் 200 என்ற எண் நிற்காது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஆள் சேர்த்ததற்காகக் கமிஷன் கொடுத்திருந்தால், அவர் பாராட்டைப் போடும்போது அதையும் போட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைக் கேட்கின்றன. இணையத்தில் விற்பவர்களுக்காக 2023 நவம்பர் 30-ல் அதே ஆணையம் தடைசெய்த 13 உத்திகளின் பட்டியலில் முதலிடம் போலி அவசரத்துக்கு. 'இப்போது 30 பேர் இதைப் பார்க்கிறார்கள்' வகை வாசகங்கள் அதில் சேரும்.

அவசரத்தை எழுதச் சொல்லி உங்களிடம் வருகிற விற்பனையாளரிடம் முதலில் புக்கிங் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். அதைக் காட்ட மறுத்தால் 'சில மனைகளே' என்ற வரியை எழுதிக் கொடுக்காதீர்கள்.