37 ரூபாய் 202 ரூபாய் ஆன கதை

காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போவது நம் பக்கத்தில் வெகுகால வழக்கம். 2020 ஏப்ரல் 1 அன்று அந்த பாட்டில் கை மாறியது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் ஆகியவற்றை விற்றுவந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் என்ற கம்பெனி, லைஃப்பாயும் சர்ஃபும் விற்கும் இந்துஸ்தான் யுனிலீவருடன் அன்று இணைந்தது. பால்கார அண்ணனுக்கோ மளிகைக் கடைக்காரருக்கோ இதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் பங்குகளைக் கவனிப்பவர்கள் முதலில் பார்க்கும் மூன்று எண்கள் அந்த ஒரு நிதியாண்டில் மூன்று விதமாகப் பேசின.

ஈ.பி.எஸ். எனப்படும் பங்கு ஒன்றுக்கான லாபம் சுமார் 31 ரூபாயிலிருந்து 34 ரூபாய்க்கு நகர்ந்தது. பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு, அதாவது புக் வேல்யூ, 37 ரூபாயிலிருந்து 202 ரூபாய்க்குத் தாவியது. ஆர்.ஓ.இ. என்று சொல்லப்படும் சொந்த மூலதனத்தின் மீதான வருமானமோ 84 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்குச் சரிந்தது. முதல் எண்ணைப் பார்த்தவர் “பரவாயில்லை” என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் கம்பெனி ஐந்து மடங்கு வளர்ந்துவிட்டது என்பார். மூன்றாவதை மட்டும் பார்த்தவர் பங்கை விற்றுவிட்டு ஓடியிருப்பார். மூன்றும் சரியான கணக்குதான், எதிலும் தில்லுமுல்லு இல்லை.

முதலில் ஈ.பி.எஸ். கம்பெனியின் நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது இது. இணைப்புக்கு முந்தைய ஆண்டில் இந்துஸ்தான் யுனிலீவரின் தனி நிலை லாபம் 6,738 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில் அது 7,954 கோடி, அதாவது 18 சதவீத உயர்வு. அப்படியானால் பங்கு ஒன்றுக்கான லாபமும் 18 சதவீதம் கூடியிருக்க வேண்டுமே? கூடியது ஒன்பது சதவீதம்தான். மீதி எங்கே போனது என்றால், புதிதாக வந்த பங்காளிகளிடம் போனது. ஹார்லிக்ஸ் கம்பெனியை இணைத்துக்கொண்டதற்கு இந்துஸ்தான் யுனிலீவர் ரொக்கம் கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனியின் ஒரு பங்கு வைத்திருந்தவருக்குத் தன்னுடைய 4.39 பங்குகளைக் கொடுத்தது. இப்படிச் சுமார் 18.5 கோடி புதிய பங்குகள் பிறந்தன. 216 கோடியாக இருந்த பங்குகள் 235 கோடியாயின. சாப்பாடு பெருகியது, பந்தியில் உட்கார்ந்தவர்களும் பெருகினார்கள்.

ஈ.பி.எஸ்.ஸின் உண்மையான பயன் இதுதான். மொத்த லாபம் கூடியதாகக் கம்பெனி சொல்லும்போது, பழைய பங்குதாரரின் இலையில் எவ்வளவு கூடியது என்பதை அது காட்டிவிடும். ஆனால் அந்த லாபத்தை ஈட்ட எவ்வளவு பணம் உள்ளே போடப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டு, வட்டியை எடுக்காமலே விடுகிறார். முதல் ஆண்டு வருமானம் 7,000 ரூபாய், அடுத்த ஆண்டு 7,490, அதற்கடுத்த ஆண்டு 8,000-ஐத் தாண்டும். ஆண்டுதோறும் வருமானத்தில் புதிய சாதனை! அவர் செய்ததெல்லாம் வட்டியைத் தொடாமல் இருந்ததுதான். லாபத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும் கம்பெனியின் ஈ.பி.எஸ். உயர்வதிலும் இந்தப் பங்கு உண்டு. வாரன் பஃபெட் 1979-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் தன் பங்குதாரர்களிடம் வாதிட்டதும் இதைத்தான். நிர்வாகத்தை அளக்க ஈ.பி.எஸ். உயர்வு போதாது, போட்ட முதலுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

போட்ட முதல் எவ்வளவு? அதைச் சொல்வது புத்தக மதிப்பு. கம்பெனியின் சொத்துகளை எல்லாம் கூட்டி, கடன்களையும் கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் கழித்தால் மிஞ்சுவது பங்குதாரர்களின் பணம். அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு. 2020 மார்ச் இறுதியில் இந்துஸ்தான் யுனிலீவரில் அந்த மிச்சம் 8,031 கோடி ரூபாய், பங்குக்கு 37 ரூபாய். அதே நாட்களில் சந்தையில் அந்தப் பங்கின் விலை 2,000 ரூபாய்க்கு மேல்.

இந்த இடைவெளிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இந்தக் கம்பெனி லாபத்தைப் பூட்டி வைப்பதில்லை. அந்த ஆண்டில் பங்குக்கு 31 ரூபாய் சம்பாதித்து, 25 ரூபாயை டிவிடெண்டாகக் கொடுத்தது. இரண்டாவது காரணம்தான் சுவையானது. லைஃப்பாய் சோப்பு இந்தியாவில் 1895 முதல் விற்பனையாகிறது. நாலு தலைமுறை அறிந்த அந்தப் பெயருக்குக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் மதிப்பு எதுவும் எழுதப்படுவதில்லை. தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதி இடம் தராது. காசு கொடுத்து வாங்கிய பிராண்டை மட்டும் வாங்கிய விலைக்கு எழுதலாம். தானே வளர்த்த மாட்டுக்குக் கணக்கில் இடமில்லை, சந்தையில் பிடித்துவந்த மாட்டுக்கு உண்டு என்பது போல.

ஹார்லிக்ஸ் சந்தையில் பிடித்துவந்த மாடு. இணைப்புக்காகக் கொடுத்த புதிய பங்குகளின் மதிப்பாகச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஒரே நாளில் கணக்கில் ஏறியது. அதில் பெரும்பகுதி ஆலையோ இயந்திரமோ அல்ல. பிராண்டின் மதிப்பு, அதற்கும் மேல் கொடுத்த தொகைக்கு ‘குட்வில்’ என்று ஒரு தலைப்பு. 37 ரூபாய் 202 ஆனது இப்படித்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2018 டிசம்பரில் இந்த ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது அதன் மதிப்பு 31,700 கோடி ரூபாய் என்றார்கள். கொடுக்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கை அப்புறம் மாறவே இல்லை. இடையில் இந்துஸ்தான் யுனிலீவரின் பங்கு விலை ஏறியதால், இணைந்த நாளின் விலையில் கணக்கு எழுதியபோது அதே பங்குகள் 40,000 கோடியாயின. விலை ஏறாமல் இருந்திருந்தால் ஹார்லிக்ஸும் அதேதான், அதன் லாபமும் அதேதான். புத்தக மதிப்பு மட்டும் பங்குக்கு 35 ரூபாய் குறைந்திருக்கும்.

இனி ஆர்.ஓ.இ. லாபத்தைப் பங்குதாரர்களின் மொத்தப் பணத்தால் வகுப்பது அது. 8,031 கோடியை வைத்து 6,738 கோடி சம்பாதித்தால் 84 சதவீதம். இணைப்புக்குப் பிறகு 47,000 கோடிக்கு மேற்பட்ட பணத்தின் மீது 7,954 கோடி என்றால் 17 சதவீதம். சோப்பு வியாபாரம் மோசமாகிவிட்டதா என்றால் இல்லை. புதிதாக ஏறிய 40,000 கோடியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வருமானம் 100 சதவீதத்தைத் தாண்டும்.

எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. இந்தக் கம்பெனி தன் ஆலைகளையும் சரக்கையும் வைத்து எவ்வளவு திறமையாகச் சம்பாதிக்கிறது என்று அறிய வேண்டுமானால், குட்வில்லையும் வாங்கிய பிராண்டையும் கழித்த கணக்கு சரி. நிர்வாகம் பங்குதாரரின் பணத்தை நல்ல விலைக்குச் செலவழித்ததா என்று கேட்டால், அவற்றைக் கழிப்பது நியாயமில்லை. கொடுத்த விலை கொடுத்ததுதானே. இந்தியாவில் ஹார்லிக்ஸ் என்ற பெயருக்கான உரிமையைத் தனியே 3,045 கோடி ரொக்கத்துக்கும் இந்துஸ்தான் யுனிலீவர் வாங்கியது. ஆக மொத்தம் 43,000 கோடிக்கு மேல். அந்த ஆண்டில் கூடிய 1,216 கோடி லாபம் முழுவதையும் ஹார்லிக்ஸின் பெயரில் எழுதினாலும், கொடுத்த நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் கூடத் தேறவில்லை. கொரோனா ஆண்டு, இணைப்புச் செலவுகள் வேறு என்பதால் முதலாண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம். ஆனால் விலை மலிவு என்று யாரும் சொல்ல முடியாது.

இணையத்தில் இந்தக் கம்பெனியின் அந்த ஆண்டு ஆர்.ஓ.இ.யைத் தேடினால் 29 சதவீதம் என்றும் சில இடங்களில் காணலாம். அதுவும் தவறில்லை. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த மூலதனத்தின் சராசரியால் வகுத்த எண் அது. பணம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் சேரும் கம்பெனிக்குச் சராசரிதான் பொருத்தம். இங்கே நிதியாண்டின் முதல் நாளே 40,000 கோடி வந்து உட்கார்ந்துவிட்டதால் சராசரி ஏமாற்றுகிறது.

ஆர்.ஓ.இ. உயர்ந்திருப்பதற்குத் திறமை அல்லாத காரணமும் உண்டு. ஒருவர் 10 லட்சம் சொந்தப் பணம் போட்டு அச்சகம் நடத்தி ஒன்றரை லட்சம் லாபம் பார்த்தால் 15 சதவீதம். அதே அச்சகத்தை 4 லட்சம் சொந்தப் பணத்திலும், 10 சதவீத வட்டிக்கு வாங்கிய 6 லட்சம் கடனிலும் நடத்தினால், வட்டி 60,000 போக 90,000 மிஞ்சும். வருமானம் இப்போது 22.5 சதவீதம். அச்சகம் அதேதான், ஆபத்து மட்டும் கூடியிருக்கிறது. ஆகவே உயர்ந்த ஆர்.ஓ.இ.யைப் பார்த்ததும் கண் அடுத்துப் போக வேண்டிய இடம் கடன் வரி. இந்துஸ்தான் யுனிலீவரின் 84 சதவீதம் கடனால் வந்ததல்ல.

புத்தக மதிப்பு குறைத்துக் காட்டும் என்பதற்கு லைஃப்பாய் சாட்சி. கூட்டிக் காட்டவும் செய்யும் என்பதை அதே 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் காட்டியது. 2019 மார்ச் கணக்குப்படி அதன் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு ஏறக்குறைய 116 ரூபாய். வங்கியின் சொத்து என்பது பெரும்பாலும் அது கொடுத்த கடன்கள். அவை திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த 116 நின்றது. வராக்கடன்களுக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டி வந்தபோது, 2019 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் 18,500 கோடிக்கு மேல் நஷ்டம். மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்தது. பிறகு பாரத ஸ்டேட் வங்கி மீட்க வந்தபோது பங்குக்குக் கொடுத்த விலை 10 ரூபாய். 37 ரூபாய் புத்தக மதிப்புள்ள பங்கை 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களும், 116 ரூபாய் என்று எழுதியிருந்த பங்கைப் பத்து ரூபாய்க்குப் பெற்ற வங்கியும் ஒரே மாதத்தில், ஒரே சந்தையில் இருந்தார்கள்.

ஹார்லிக்ஸ் வாங்கிய கம்பெனியில் அதன் பிறகு பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை. அதனால் 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் தனி நிலை லாபம் 10,114 கோடியாக உயர்ந்தபோது, ஈ.பி.எஸ்.ஸும் அதே விகிதத்தில் 43 ரூபாய் ஆனது. ஆர்.ஓ.இ. மட்டும் 20 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. குட்வில்லை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்க இப்போதைய விதியில் இடமில்லை. மதிப்பு குறைந்ததா என்று ஆண்டுக்கொரு முறை சோதிப்பதோடு சரி. எனவே அந்த 40,000 கோடி கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1895-இல் வந்த லைஃப்பாயின் பெயருக்கு எதிரே இன்னமும் ஒன்றும் எழுதப்படவில்லை.